கடைசியாக வகுப்புக்கு வந்த நாள்

அப்பாவைப் புதைத்த பிறகு டெல்ஃபின் பல்கலைக்கழகத்தின் பக்கம் போகவில்லை. போகாமல் இருந்தால் பெயர் தானாகவே உதிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தான். அவன் தெருவில் படிப்பை விட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் விட்டார்கள். ஒருநாள் போகமாட்டார்கள். மறுநாளும் போகமாட்டார்கள். அவ்வளவுதான்.

அவனுக்கு வயது இருபத்து நான்கு. பிலிப்பைன்ஸின் இலொய்லோ துறைமுகத்து ஐஸ் ஆலையில் மூன்று வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, மின்பொறியியலில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தான். அனுப்பியவர் அப்பா ஹொனோரியோ. அதே ஊரின் மோலோ பகுதியில் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் சின்ன வெல்டிங் பட்டறை அவருடையது. மற்ற வீடுகளில் ஒரு செமஸ்டர் கட்டணத்தை நான்கு தவணையாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் பாக்கிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுமதிச் சீட்டுக்குக் கெஞ்சுவார்கள். ஹொனோரியோ மட்டும் ஆகஸ்டு பதினொன்றாம் தேதி, வகுப்பு தொடங்கிய அன்றே, முப்பத்தெட்டாயிரம் பெசோவையும் மொத்தமாகக் கட்டினார். "பரிட்சை ஹால் வாசல்ல என் பையன் எவன்கிட்டயும் பல்லைக் காட்டக் கூடாது" என்றார்.

ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம், வெல்டிங் முகக்கவசத்தைக் கழற்றாமலே பட்டறைத் தரையில் சாய்ந்தார். மாரடைப்பு.

சாவு வீட்டில் ஊர் வழக்கப்படி ராத்திரி விழித்திருக்கச் சீட்டாட்டம், காபி, அடக்கம், பிறகு ஒன்பது நாள் ஜெபம். அதெல்லாம் முடிந்தபோது முன்பணம் வாங்கிய மூன்று கதவுகள் பட்டறையில் பாதியில் நின்றன. டெல்ஃபின் அவற்றை முடித்தான். மூன்றாவது கதவை மாட்டிவிட்டு வந்த அன்று அக்டோபர் பத்து. அம்மா நெனித்தா கட்டண ரசீதை மேசைமேல் வைத்திருந்தாள்.

"இது என்னாகும்?" என்றாள்.

"தெரியலம்மா."

"தெரியலன்னா? அந்த மனுஷன் கண்ணு எரிய எரிய சேத்த காசு. நீ இப்ப படிக்க முடியாதுன்னா போகட்டும். அடுத்த வருஷத்துக்காவது வெச்சுக்குவாங்களான்னு வாய்விட்டுக் கேட்டியா?"

கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்கப் போனான்.

பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் மிஸ் அராசெலி இருந்தாள். இருபது வருடமாக அதே ஜன்னல். அங்கே வரும் பையன்கள் எல்லோரும் அவளுக்குத் 'தோதோ'தான். ஊரில் பையன்களைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எப்ப விலகின, தோதோ?"

"ஆகஸ்டு கடைசில, மிஸ்."

அவள் கணினியைப் பார்த்தாள். "நீ விலகவே இல்லையே."

"அதுக்கப்புறம் நான் வரவே இல்ல, மிஸ்."

"வராம இருக்கறதும் விலகறதும் ஒண்ணா? என் புருஷன் பதினஞ்சு வருஷமா வீட்டுக்கு வரல. பேப்பர்ல இன்னிக்கும் நான் அவன் பொண்டாட்டிதான்." பக்கத்து ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை உருவினாள். "முதல் வாரத்துல விலகினா பத்து சதவீதம் பிடிப்போம். ரெண்டாம் வாரம்னா இருபது. அதுக்கு மேல முழுசும் போச்சு, ரொக்கமா ஒரு சென்டாவோகூடத் திரும்பாது. எழுதிக் குடுக்காம நின்னுட்டா கட்டணமும் போச்சு, எல்லாப் பாடத்துலயும் ஃபெயில்."

"அப்பா இறந்துட்டாரு, மிஸ்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள். குரல் மாறியிருந்தது, வேகம் மாறவில்லை. "அதுக்கு ஒரு வழி இருக்கு. பெத்தவங்க சாவு, இல்லன்னா பெரிய சீக்கு. அப்படின்னா கட்டின பணத்தை வரவு வெச்சு ஒரு வருஷத்துக்குள்ள வர்ற செமஸ்டருக்குக் குடுப்பாங்க. இறப்புச் சான்றிதழ் வேணும். ஒவ்வொரு வாத்தியாரும் இந்தக் கட்டத்துல கையெழுத்துப் போட்டு, நீ கடைசியா வகுப்புக்கு வந்த தேதியை எழுதணும். அந்தத் தேதி இடைத்தேர்வுக்கு முந்தி இருக்கணும். நாலு பாடத்துல ஒண்ணுல பிந்தி இருந்தாலும் கட்டணக் குழு தள்ளிடும். மத்தியானமே ஓடிப் போய் வாங்கிட்டு வா."

மூன்று ஆசிரியர்கள் தங்கள் வருகைப் பதிவைத் திறந்து, அவன் பெயருக்கு நேரே வராத நாட்களுக்குப் போட்டிருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்து, 'ஆகஸ்டு 29' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் அவன் தோளைத் தட்டினார்.

நான்காமவர் எஞ்சினியர் பொன்சியானோ. மின்சுற்றுப் பாடம். பகுதிநேர ஆசிரியர், ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் டீன் அறைக் கதவில் ஒட்டும் அடுத்த செமஸ்டர் ஆசிரியர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று மாணவர்களோடு நின்று தேடுபவர். ஹொனோரியோவின் சடலம் வீட்டில் கிடத்தியிருந்த மூன்று இரவும் வந்து, சீட்டாட்டத்தில் தோற்று, உறையில் பணம் வைத்துவிட்டுப் போனவர். இப்போது ஆசிரியர் அறை மூலையில் டப்பாவைத் திறந்து சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா. சாப்டியா?" என்று கேட்டு, கை கழுவிக்கொண்டு படிவத்தை வாங்கினார். அந்தத் தேதிக் கட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"என்ன, எஞ்சினியர்?"

அவர் பதிவேட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். டெல்ஃபினின் வரிசையில் சிவப்புக் கோடே இல்லை. செப்டம்பர் முழுக்க 'வந்தான்', 'வந்தான்'. அக்டோபர் ஒன்பது வரைக்கும்.

"ஏழு தடவைக்கு மேல வரலன்னா பேரை அடிச்சு ஃபெயில் போடணும்டா. நீ எப்படியும் திரும்பி வருவேன்னு நெனச்சேன். வந்ததும் தனியா உக்காரவெச்சு பாடத்தை நடத்தி, பரிட்சை வெச்சுக்கலாம்னு..."

"அடிச்சுத் திருத்திடலாமே, எஞ்சினியர்."

"இடைத்தேர்வு முடிஞ்சதும் நகலை டீனுக்கு அனுப்பியாச்சு. இப்ப திருத்தணும்னா ஒரே வழிதான். இந்த வருகையெல்லாம் பொய், நான்தான் போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

வெளியே வராந்தாவில் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

"எவ்வளவு கட்டினாரு உங்கப்பா?"

"முழுசும்."

"முழுசுமா! இந்தக் கட்டிடத்துல முழுசும் கட்டினவர் அவர் ஒருத்தராத்தான் இருப்பாரு." சிரிக்கப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வா. எழுதி வெக்கறேன்."

அன்று மாலை அம்மா புதன்கிழமைச் சந்தைக்கு மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டாள்.

"எழுதிக் குடுத்தா அவருக்கு என்னாகும்?"

"அடுத்த செமஸ்டர் பட்டியல்ல பேர் வராது. மத்த காலேஜுக்கும் விஷயம் போயிடும்."

"குழந்தைங்க?"

"மூணு."

"எழுதிக் குடுக்கலன்னா?"

"பணம் போயிடும். படிவம் குடுத்தா ஃபெயில் மட்டும் வராது. வெறும் விலகல்னு போடுவாங்க."

அவள் தட்டில் இருந்த மீன் எல்லாவற்றையும் திருப்பி முடித்தாள். "பொய் எழுதச் சொல்லி நாம கேக்கலையே" என்றாள் கடைசியில். உடனே, "அவரும் தனக்காக எழுதலையே" என்றாள். பிறகு கோபம் வந்தது. "என்னை ஏன்டா கேக்கற? உங்கப்பா இருந்தா அவரைக் கேட்டிருப்பே. நான் மீன் விக்கிறவ. நீ படிச்சவன், நீ சொல்லு."

டெல்ஃபின் இரவெல்லாம் கணக்குப் போட்டான். இப்போது பட்டறையில் வரும் வேலையில் முப்பத்தெட்டாயிரத்தை மறுபடி சேர்க்க இரண்டு வருடம் ஆகும். இருபத்தாறு வயதில் மறுபடி இரண்டாம் ஆண்டு. சேர்க்க மாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் பட்டறை அவனை விழுங்கியிருக்கும். கணக்கு சரிதான். எத்தனை முறை போட்டாலும் அதே விடை. அந்தக் கணக்கில் எஞ்சினியரை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

காலையில் வேண்டாம் என்று சொல்லத்தான் போனான். பேருந்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தான். 'வேணாம், எஞ்சினியர், வெறும் விலகலே போதும்.' சின்ன வாக்கியம்.

பொன்சியானோ வாசலிலேயே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் மடித்த காகிதம்.

"எழுதிட்டேன். பொண்டாட்டி ராத்திரி முழுக்கத் திட்டினா. இன்னும் குடுக்கல." காகிதத்தை நீட்டவில்லை, உள்ளே வைக்கவும் இல்லை. "நீ வேணாம்னு சொன்னா கிழிச்சுடறேன், டெல்ஃபின். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். சொல்லு."

அவர் காத்திருந்தார். மணி அடித்தது. மாணவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

டெல்ஃபின் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவரிடம் கொடுத்தான்.

அவர் சுவரில் வைத்து 'ஆகஸ்டு 29' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். கடிதத்தைப் படிவத்தோடு சேர்த்துப் பின் குத்தினார். "மூணாம் ஜன்னல்ல குடு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அவன் போகும் வழியில் கடிதத்தைப் பிரித்துப் படித்தான். ஐந்து வரி. டெல்ஃபின் கேட்டதாகவோ, அவனுக்குத் தெரியும் என்றோ ஒரு சொல் இல்லை.

அராசெலி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள்.

"இதையும் சேத்துத்தான் குடுக்கறியா?"

"ஆமா, மிஸ்."

"யோசிச்சியா?"

அவன் பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினான். அவள் முத்திரையைக் குத்தினாள், வழக்கத்தைவிட மெதுவாக.

நவம்பரில் குழுவின் முடிவு வந்தது. முழுத் தொகையும் வரவு. ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வேறு ஒருவருக்கு மாற்ற முடியாது. டிசம்பர் முதல் வாரம் டீன் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். டெல்ஃபின் போய்ப் பார்த்தான். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பொன்சியானோவின் பெயர் இல்லை. பட்டியலில் தேடிக்கொண்டு அவரும் அங்கே நிற்கவில்லை.

ஜனவரியில் பதிவு நாள். மூன்றாம் ஜன்னலில் அராசெலி கட்டணச் சீட்டை நீட்டினாள். செலுத்த வேண்டியது: பூஜ்யம். மின்சுற்றுப் பாடத்துக்கு நேரே ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"புதுசா ஆள் தேடறாங்க" என்றாள் அவள். "பதிவு பண்ணிக்கறியா, இல்ல அடுத்த செமஸ்டர் எடுத்துக்கறியா?"

"பண்ணிக்கறேன், மிஸ்."

"போடு கையெழுத்து."

போட்டான்.

வீட்டில் அம்மா கேட்டாள். "ஆச்சா?"

"ஆச்சு."

"அந்த எஞ்சினியரைப் பாத்தியா?"

"இல்ல."

"போய்ப் பாக்கணும்டா."

"பாக்கணும்."

அவள் சோற்றைப் போட்டாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். என்றைக்குப் போவது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.