பிறகு முயலவும்

மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தரும் ஏ.ஐ. ஏஜென்ட்டை உருவாக்குவது அவள் வேலை. அதை இயக்கும் மொழி மாடலுக்குப் பாடம் எடுப்பதுபோல் ஓயாமல் மல்லுக்கட்டுவதால் ஆபீஸில் அவளுக்கு டீச்சர் என்று பெயர். இன்று காலை அந்த ஏஜென்ட், நேரம் பதிவு செய்யும் புக்கிங் ஃபங்ஷன் என்ற நிரலை ஒரே தேதியோடு நானூறு முறை அழைத்திருந்தது.

"இதுக்கென்ன பைத்தியமா?" என்றார் மேனேஜர்.

அழைப்புகள் பதிவான லாகைப் படித்த டீச்சருக்கு அலுப்பாக வந்தது. அது கடந்துபோன தேதி. எத்தனை முறை கேட்டாலும் கிடைக்காது. ஃபங்ஷனோ ஒவ்வொரு முறையும் "பிறகு முயலவும்" என்றே பதில் அனுப்பியிருந்தது. அந்தப் பதிலை எழுதி வைத்தவளே அவள்தான்.

"நாம சொன்னதத்தான் சார் செஞ்சிருக்கு."

"தேதி கடந்துவிட்டது, வேறு தேதி கேள்" என்று பதிலை மாற்றினாள். ஒரே அழைப்பு மூன்று முறை தோற்றால் நிறுத்திவிட்டு ஆளிடம் ஒப்படைக்கும்படியும் கடிவாளம் போட்டாள்.

போன் அடித்தது. அம்மா, காலையிலிருந்து ஐந்தாவது முறை. முந்தைய நாலு முறையும் சொன்னதுபோல் "அப்புறம் கூப்பிடும்மா" என்று நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினாள்.

"இன்னிக்கு என்னால வீட்டுக்கு வர முடியாதும்மா."

"இத காலைலயே சொல்லியிருக்கலாம்ல? நீ வருவேன்னு அப்பா சட்டைய மாத்திக்கிட்டு அப்ப புடிச்சு உக்காந்திருக்காரு."