இரண்டு தெரு தள்ளிப் போன தபால்

பேட்டையில் எனக்கு ஒரு சின்னப் பீரோப் பட்டறை. பெயின்ட் அடிக்கிற கம்பிரசர் நின்றால் பட்டறையே நின்றுவிடும். அதைப் பராமரிக்கிறவர் என் வயதுக்காரர். மாதம் ஒருமுறை வருவார். ஆயில் மாற்றுவார், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார், எங்காவது காற்று கசிந்தால் "கோவத்துல மூச்சு வாங்குது வே" என்பார். அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சுதான். மனைவி போன பிறகு என்னோடு அவ்வளவு நேரம் பேசியவர் அவர் ஒருவரே.

இரண்டு வருடத்துக்கு ஒரே கட்டணம் என்று முத்திரைத்தாளில் எழுதியிருந்தோம். அப்படி எழுதச் சொன்னதும் அவர்தான். நான் வேறு ஆளிடம் போய்விடக் கூடாதல்லவா. பதினோராம் மாதம் அவரிடமிருந்து ஒரு தாள் வந்தது: அடுத்த மாதம் முதல் கட்டணத்தில் கால் பங்கு கூடுதல்.

ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு தடவை வாசித்தேன். இடையில் கட்டணத்தைக் கூட்ட வழி இல்லை; எதை மாற்றினாலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அறிவிப்பு எதுவானாலும் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. அப்படியே செய்தேன். உயர்வை ஏற்கவில்லை, பழைய கட்டணத்தைத் தவணை தவறாமல் தருவேன், பராமரிப்பு தொடர வேண்டும் என்று எழுதி, ஒப்புகை அட்டையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி.

மூன்றாம் நாள் வந்தார். கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

"ஆயிலு, பில்டரு எல்லாம் வெல ஏறிட்டு வே. மத்த பட்டறைக்காரங்க ஒத்துக்கிட்டாங்க."

"ஏறட்டும் வே. எறங்கிருந்தா எனக்குக் கொறச்சிருப்பீரா?"

சிரித்துவிட்டார். எனக்கும் நெஞ்சு லேசானது.

"சரிதாம். எழுதுனது எழுதுனதுதான். பழைய துட்டே தாரும். ரெண்டு வருசமும் முடியட்டும், புதுசாப் பேசுவோம்." கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ஆனா ஒண்ணு கேக்கேன். தபால்காரர் எம் பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்காரு. கோர்ட்டு சமாச்சாரமோன்னு அவ பயந்துட்டா. இங்கன இருக்க ஆளு, ஒரு சத்தம் குடுத்தா வந்திருக்க மாட்டனா?"

"அதுல தபால்னு போட்டிருக்கு வே."

"போட்டிருக்கு. நாந்தான போடச் சொன்னேன்."

முதலில் நேரில் சொல்லிவிட்டு, தபாலையும் போட்டிருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. எனக்குத்தான் அன்று தோன்றவில்லை.

இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. முடிந்ததும் சர்வீஸ் புத்தகத்தை நீட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறேன்.

"டீ சொல்லட்டா வே?"

"இன்னொரு எடம் கெடக்கு. வாறேன்."

பக்கத்துப் பட்டறையில் அவர் குரல் கேட்கிறது. அங்கே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன சொன்னாரென்று சுவருக்கு இந்தப்பக்கம் விளங்கவில்லை.