முப்பத்தொன்பது விடைத்தாள்கள்

நாற்பது பேர் எழுதினார்கள். மணியடித்து வாங்கி எண்ணியபோது என் கையில் முப்பத்தொன்பது விடைத்தாள்கள்தான் இருந்தன. மறுபடி எண்ணினேன். அதே முப்பத்தொன்பது.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், செஞ்சியில் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை. நூற்றிருபது பேர் உட்கார்ந்த பெரிய ஹாலில் கிழக்குப் பக்கத்து நாற்பது பேருக்கு நான் கண்காணிப்பாளன். அதுதான் எனக்கு முதல் தடவை. காலையிலிருந்து ஹால் டிக்கெட் பார்த்ததும் கையெழுத்து வாங்கியதும் ஒழுங்காகவே நடந்தன. காகிதப் பஞ்ச காலம். கூடுதல் தாள் கேட்டவர்களுக்கு எண்ணிக் கொடுத்து, யாருக்கு எத்தனை என்று குறித்துக்கொண்டேன்.

கடைசி ஐந்து நிமிஷத்தில் கோட்டை மலைப் பக்கமிருந்து காற்று வீசித் தாள்களைத் தரையில் இறைத்தது. நான்தான் பொறுக்கிக் கொடுத்திருக்க வேண்டும். பதற்றத்தில், "அவங்கவங்க எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். புத்தி கெட்டவன் நான்.

காணாமல் போனது பனமலை முனுசாமியுடையது. முப்பது வயதுக்காரர், மூன்றாம் முறை எழுதுகிறார். தேறினால்தான் வாத்தியார் வேலை நிரந்தரமாகும். "இங்கதான் வச்சேன் சார். இன்னா ஆச்சின்னே தெரியல" என்றார்.

தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். "சரியா எழுதல, ஒளிச்சி வச்சிட்டான். வேட்டிய ஒதறச் சொல்லு."

"யாரும் இன்னும் வெளிய போவல சார். ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றேன். எல்லோரும் மேஜைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கச் சொன்னேன். பிறகு மனதுக்குள் அழுது வேண்டினேன். "அந்தோணியாரே, தொலைந்ததைக் காட்டுகிறவரே, இந்த மனுஷனை அவமானத்திலிருந்து காப்பாற்றும்."

உடனே கூடுதல் தாள் குறிப்பு ஞாபகம் வந்தது. ஒவ்வொருவர் விடைத்தாள் கட்டையும் அதோடு ஒத்துப் பார்த்தேன். முனுசாமிக்குப் பின்னால் இருந்தவன் வாங்கியது ஒரே தாள். அவன் கட்டோ தடிமனாக இருந்தது. தரையில் பொறுக்கிய அவசரத்தில் முனுசாமியின் விடைத்தாளையும் நடுவில் வைத்து நூல் கோத்துக் கட்டியிருந்தான்.

நானே சத்தமில்லாமல் அவிழ்த்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவிழ்க்கவில்லை. அப்படியே தலைமைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, என் தவறையும் சொன்னேன். எண், கையெழுத்து, கணக்குப் போட்ட விதம் எல்லாம் பார்த்துக் காப்பியடிக்கவில்லை என்று உறுதி செய்தபின், முனுசாமி, பின்னால் இருந்தவன் இருவர் முன்னிலையிலும் நூலை அவிழ்த்தார். இருவரிடமும் எழுதி வாங்கினார். நானும் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். நாற்பதும் உறைக்குள் போய் அரக்கு முத்திரை விழுந்தது.

"நீ மறைக்கல. அது போதும்" என்றார் என்னிடம். முனுசாமியிடம் திரும்பி, "மனசுல வச்சிக்காதீங்க" என்றார்.

முனுசாமி தேறினார். எனக்கு அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

அன்றிலிருந்து எது குறைந்தாலும் நான் அடுத்தவரைச் சந்தேகிப்பதில்லை. முதலில் ஜெபிக்கிறேன், பிறகு தேடுகிறேன். சகோதரர்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். நாங்களெல்லாம் அந்த ஏழையின் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தோணியார் என் கையிலிருந்த கட்டைப் பார்க்கச் சொன்னார்.