உட்கூறுப் பட்டியலில் நான் அழித்த ஐந்து வரிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தைப் பிள்ளையாரிடம் மட்டும் சொல்லிவிட்டு வருவேன். அவர் திருப்பி ஒன்றும் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தவன். காலி வீதியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் கடிதம் அடிப்பதும், வாடிக்கையாளருக்கு ஆவணங்கள் அனுப்புவதும் என் வேலை. நோயாளிகளின் பரிசோதனை அறிக்கைகளை வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் குழுமமொன்றுக்குச் செய்து கொடுத்தோம். அவர்கள், மென்பொருளோடு அதன் உட்கூறுப் பட்டியலும் வேண்டும் என்று எழுதினார்கள்.

பட்டியலைத் தயாரித்தது கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் பொறியியலாளர். அப்போது சேர்ந்து ஆறு மாதம் ஆகவிருந்தது. மாதக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தது. மென்பொருளைக் கட்டும்போதே ஒரு கருவியை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டின் பெயர், பதிப்பு, உரிமம், எது எதில் தங்கியிருக்கிறது என்பதையெல்லாம் ஒரே கோப்பில் எடுத்துவிட்டாள். நானூறுக்கு மேல் இருந்தது.

"எல்லாம் நாங்கள் எழுதினதோ, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"எங்கண்ணே, முக்காவாசி ஊரார் எழுதி சும்மா குடுத்தது. நாம எடுத்தது கொஞ்சம். அதுகள் தங்களோட கூட்டிட்டு வந்தது மிச்சம்." சிரித்தாள். "நாளைக்கு ஏதாவது ஒண்டுல, கள்ளர் உள்ள வரக்கூடிய ஓட்டை எண்டு செய்தி வந்தா, அவங்க இந்தப் பட்டியலத் தேடினாப் போதும். நம்மட்ட இருக்கா இல்லையா எண்டு உடனே தெரியும். ஓடிட் எண்டு சரிபாக்க வாறவங்க கேக்குறதும் அதுக்குத்தான். நீங்க பிஸ்கட் பக்கெட்ல முட்டை இருக்கா எண்டு பாக்கிற மாதிரி."

வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான், முட்டையும் ஆகாது. பக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டேன்.

அந்தப் பட்டியலில் ஒன்றில் ஓட்டை இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது: சுருக்கிய கோப்புகளை விரிக்கும் ஒரு பழைய துண்டு. மாற்ற இரண்டு கிழமை, பதினாலு நாளாவது, வேண்டும். இருப்பதை அப்படியே காட்டி, எப்போது மாற்றுவோம் என்று ஒரு குறிப்பும் வைத்து அனுப்பலாம் என்பது அவள் யோசனை. மனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, உந்தத் துண்டை எடுத்துப்போட்டு அனுப்புங்கோ."

"பிழையில்லையோ?"

"ரெண்டு கிழமையில மாத்தப் போறம்தானே. இல்லாமல் போகப்போறதை ஏன் எழுதுவான்?"

கடிதத்தில் வேண்டாத பந்தியை எடுப்பதுபோலத்தான் நினைத்தேன். கோப்பைத் திறந்து, அந்தப் பெயரைத் தேடி, முதலில் அகப்பட்ட ஐந்து வரிகளை அழித்தேன். தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதை அழிக்கத் தோன்றவில்லை. அனுப்பிவிட்டேன்.

கீழே, எது எதில் தங்கியிருக்கிறது என்ற பகுதியில், அதே துண்டு இன்னொரு தடவை வரும் என்று எனக்குத் தெரியாது.

பத்து நாளில் ஆஸ்பத்திரிக்காரருடைய ஓடிட்டர் வீடியோ அழைப்பில் திரையில் வந்தார். அறிக்கை அச்சிடும் துண்டு இன்னொன்றில் தங்கியிருப்பதாகக் கீழே எழுதியிருக்கிறதே, அந்த இன்னொன்று பட்டியலில் எங்கே என்று கேட்டார். நாங்கள் கொடுத்த மென்பொருளையே தாங்கள் பிரித்துப் பார்த்ததாகவும், அது உள்ளே இருப்பதாகவும் சொன்னார். ஓட்டை இருந்ததைவிட மறைத்ததுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. மற்ற நானூறையும் இனி எப்படி நம்புவது என்றார்.

மனேஜர், "பட்டியல் செய்தவரின் கவனக்குறைவு" என்றார்.

அவள் மறுத்தாள். தன் கணினியிலிருந்த கோப்பைத் திறந்து காட்டினாள். அது பிறகு திருத்தியதாகவும் இருக்கலாம் என்றார் மனேஜர். பிறகு அவள், குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்; கோப்பை அனுப்பியவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் வயது, எல்லாம் ஞாபகம் வந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தரக் கடிதம் வரவில்லை. போகச் சொல்லித்தான் கடிதம். அதை அடித்ததும் நான்தான்.

பையை எடுத்துக்கொண்டு என் மேசையடியில் நின்றாள்.

"அண்ணே, நீங்கதானே வெட்டினது?"

நான் மேசையிலிருந்த கடிதக் கட்டை அடுக்கத் தொடங்கினேன்.

"பக்கெட்ட மட்டும் நல்லாத் திருப்பிப் பாப்பீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

மனேஜர் இப்போதும் மனேஜர்தான். நானும் அதே மேசையில் இருக்கிறேன். இப்போது பட்டியல்கள் என் கைக்கு வருவதில்லை. யாராவது திருத்தினால் தெரிந்துவிடும்படி கருவியே முத்திரை வைத்து நேராக அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவளும் அவள்தான், போவதற்கு முந்தின கிழமையில்.

இதை வாசிக்கிற நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும்போது, பாவம் வயதானவர் என்று என்னைப் பற்றிய எந்த வரியையும் எடுத்துவிடாதீர்கள். அவளிடம் போய்ச் சேருமானால், முழுதாகச் சேரட்டும்.