புத்தகத்தைத் திருப்பிக் கேட்டவள்

பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் லைப்ரரி டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே மேஜை. கொடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "ஏன் இன்னும் கொண்டுவரலை?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் பிள்ளை காரணத்தைத் தேடும், புத்தகத்தைத் தேடாது. தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை கொண்டு வந்துடு. கிழிஞ்சிருந்தாலும் சரி, நான் ஒட்டிக்கிறேன்" என்பாள். பாதிப் புத்தகங்கள் அந்த ஒரு வார்த்தைக்காகவே திரும்பி வந்தன.

தன்னுடைய புத்தகம் ஒன்று பதினான்கு மாதமாகத் தோழியின் வீட்டில் கிடந்ததை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை.

தோழி இவள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம். தன் சின்ன மகளின் பள்ளி வேலைக்கு வேண்டுமென்று, "ரெண்டே வாரம்டி" என்று வாங்கிப் போனது அந்தப் புத்தகம். நட்சத்திரங்களைப் பற்றிய பெரிய படப்புத்தகம்.

ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "சின்னவ அந்த புக்கைப் படிச்சாளா?" என்றால், "ஐயோ, உயிரை விடறா" என்று பதில் வரும். "எங்க வீட்டு அலமாரி பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "கிளிப் போட்டுக்கோ" என்று தோழியும் சிரித்தாள். ஒருமுறை போனில் தட்டெழுதினாள். எழுதி முடித்துப் படித்தால் மூன்று இடத்தில் 'சாரி' இருந்தது. என்னமோ இவள்தான் கடன் வாங்கியவள் போல! அழித்துவிட்டாள்.

அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் இவளுடைய மகள் பன்னிரண்டு வயதில் பென்சிலால் எழுதியிருந்தாள். மொட்டை மாடியில் அம்மாவோடு நின்று எந்த நட்சத்திரத்தை எந்தத் தேதியில் பார்த்தாள் என்று. 'இன்று மேகம். அம்மா தும்மினாள்' என்றுகூட ஒரு பக்கத்தில் இருந்தது. அந்த மகள் மூன்று வருஷத்துக்கு முன் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். ஆத்திரத்தில் இவள் மகளின் துணி, நோட்டு, காபிக் கோப்பை முதற்கொண்டு பெட்டி பெட்டியாகக் கட்டி, பழசைக் கழிக்கிறேன் என்று சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். கூடத்து அலமாரியில் இருந்ததால் இது ஒன்று தப்பியது. அது தெரிந்த பிறகு மகள் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், "அவளுக்கு நேரமே இல்ல, ஞாயித்துக்கிழமைதான் கூப்பிடுவா" என்று சொல்லி வைத்திருந்தாள். தையல்காரத் தோழியிடமும் அதே கதைதான்.

ஒரு புதன்கிழமை காலை, நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

'அம்மா, அந்த ஸ்டார் புக் இருக்கா? நான் எழுதின பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?'

மூன்று வருஷத்துக்குப் பிறகு 'அம்மா' என்ற சொல். அவள் ஏணியின் இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். 'இருக்கு. ஞாயித்துக்கிழமை அனுப்பறேன்' என்று பதில் எழுதினாள்.

அன்று மாலை கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். சுற்றி வளைக்கக் கூடாது என்று படியிறங்கும்போதே முடிவு செய்திருந்தாள்.

"அந்த நட்சத்திர புக் எனக்கு வேணும்டி. சனிக்கிழமைக்குள்ள கிடைச்சா போதும். உனக்கு அலைச்சல் வேண்டாம், நானே வந்து எடுத்துக்கறேன்."

மெஷினின் சத்தம் நின்றது. தோழி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அச்சச்சோ, மறந்தே போயிட்டேன் பாரு. நீ கேட்டிருக்கலாம்ல?"

"அதான் கேக்கறேனே."

இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதானா, இதற்கா பதினான்கு மாதம் என்று இவளுக்கு மனசு லேசானது. அந்த நிமிஷத்தில் தோழி சாதாரணமாகக் கேட்டாள்: "என்ன திடீர்னு?"

மகள் கேட்கிறாள் என்று சொன்னால், உன்னிடம்தான் வாராவாரம் பேசுகிறாளே, மூன்று வருஷமாக ஏன் கேட்கவில்லை என்று பேச்சு நீளும். கட்டி வைத்த கதை அவிழும்.

"ஸ்கூல்ல ஒரு பொண்ணுக்கு வேணுமாம். பாடத்துல வருதாம்" என்றாள்.

தோழி தலையாட்டினாள். "சரி, சனிக்கிழமை நானே மேல கொண்டு வரேன்."

சொன்னபடி வந்தாள். கையில் பளபளக்கும் தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் அதே புத்தகம், புத்தம் புதிதாக. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"எப்படி? ரெண்டு கடை ஏறி இறங்கினேன்" என்றாள் தோழி, முகமெல்லாம் பூரிப்பாக.

"பழசு எங்க?"

"அதை உன் கையில கொடுக்கவே கூச்சமா இருந்துச்சுடி. அட்டை பூரா மெஷின் எண்ணெய். அதான் இத்தனை நாளா உன் கண்ணுல காட்டலை. உள்ள வேற பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். சின்னவ வேலைதான்னு முதுகுல ரெண்டு வெச்சேன். நான் எழுதலைன்னு ஒரே அழுகை. ஸ்கூல் பிள்ளைக்கு அதையா கொடுப்பே? நேத்து பழைய பேப்பர்காரன் வந்தான், போட்டுட்டேன்."

அவள் செருப்பை மாட்டினாள். பழைய பேப்பர் கடை இரண்டு தெரு தள்ளி. கடைக்காரர் மூட்டைகளின் நடுவில் கணுக்கால் வரை காகிதத்தில் நின்றிருந்தார். நேற்றைய சரக்கு விடியற்காலையிலேயே லாரியில் ஏறிவிட்டது என்றார். நம்பாமல் அவள் இரண்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள். அவர் தடுக்கவில்லை.

பின்னாலேயே ஓடி வந்த தோழியிடம் அங்கேயே, காகிதக் குப்பையில் உட்கார்ந்தபடி, எல்லாவற்றையும் சொன்னாள். மகள், சண்டை, பெட்டிகள், பென்சில் எழுத்து.

தோழியின் குரலில் வந்தது இரக்கமல்ல.

"என்கிட்டகூட சொல்லலையே நீ. எழுத்து முக்கியம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எண்ணெயோட கொண்டாந்து கொடுத்திருப்பேனே. பச்சைப் பிள்ளையை வேற அடிக்க வெச்சுட்டே."

"நீ ரெண்டு வாரத்துல கொடுத்திருந்தா?" என்றாள் இவள்.

இரண்டுமே உண்மை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையிடமும் சொல்லத் தவறாத 'கிழிஞ்சிருந்தாலும் சரி'யைத் தோழியிடம் சொல்லாமல் போனது வீடு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் கோணாமல் கேட்க வேண்டுமென்று இத்தனை பாடுபட்டவள், எதைக் கேட்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினாள். நீளமாக, ஒன்றையும் மறைக்காமல். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

'அதையும் தூக்கிப் போட்டாச்சா. சரிம்மா.'

கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே.

தோழி கடையை மூடிவிடவில்லை, இவளும் வீடு மாறவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "தண்ணி வந்துச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். "வந்துச்சு" என்பாள் மற்றவள். ரவிக்கை தைக்க இவள் இப்போது பேருந்து நிலையத்துக்கு அருகில் வேறொரு கடைக்குப் போகிறாள். அங்கே தோள்பட்டை சரியாக அமைவதில்லை. பிரித்துத் தைத்துத் தரச் சொல்லவும் அவளுக்கு வாய் வருவதில்லை.