உள்ளிருந்து படிக்கிற வாழ்த்து

போகிப் புகை பனியோடு கலந்து தெருவில் இடுப்பளவுக்கு நின்றது; அதற்குள் கம்பெனி பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சளாக மிதந்து வரும், சத்தம் பிறகுதான் வரும். மண்ணூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை நினைத்தால் முதலில் இதுதான் தெரிகிறது. எனக்கு அப்போது பதினொரு வயது.

அப்பா இறந்து சில வருஷம் கழித்து அம்மா செல்லப்பாண்டியைக் கட்டிக்கொண்டாள். அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஒரு குடோனில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். அவருக்கு மலர் என்று ஒரு மகள், என் வயது. மலரின் அம்மா பிரிந்துபோய் ஊரில் இருந்தார். நாலு பேரும் ஒரே வீட்டில் கொண்டாடப்போகும் முதல் பொங்கல் அது. நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பேன்.

எங்கள் தெருவில் பொங்கலுக்கு வாசலை அடைத்துக் கலர்க்கோலம் போட்டு, கீழே வாழ்த்தும் வீட்டார் பெயரும் எழுதுவார்கள். காலையில் தெருவே நடந்து நடந்து படிக்கும். ஊரிலிருந்து வந்திருந்த செல்லப்பாண்டியின் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். "பெரிய இதயமாப் போட்டு, அப்பா அம்மா அன்பு மகள்கள்னு உள்ள எழுதணும். அப்பத்தான்டா ஒட்டும்."

அதைக் கேட்டதும் நான் துணிப்பையில் என் பாவாடை சட்டையை எடுத்து வைத்தேன். பிள்ளைப்பாக்கத்தில் என் அப்பாவின் தங்கை இருந்தார். பொங்கலன்று மாமா பைக்கில் வந்து அழைத்துப் போவார். போனால் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இந்தத் தெரு என்னை இன்னொருவர் மகள் என்று படித்துவிட்டால் என் அப்பா இல்லாமலே போய்விடுவார் என்று பட்டது. அம்மா பையைப் பார்த்தாள். அதை அவிழ்க்காமல் அங்கேயே விட்டுவிட்டாள்.

போகியன்று சாயங்காலம் செல்லப்பாண்டி சாக்பீஸோடு வந்து, வீட்டுக்குள் சிமெண்ட் தரையில் அக்கா சொன்னபடியே எழுதினார். பக்கத்தில் ஈரத்துணியை வைத்தார். "தெருவுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் பாருங்க. ஒத்து வராதத அழிச்சிருங்க. ஏன்னு கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் 'மகள்கள்' என்பதை அழித்தேன். அப்புறம் 'அப்பா'வை. கொஞ்சம் பொறுத்து மலர் துணியை வாங்கி 'அம்மா'வை அழித்தாள். அவளுக்கும் இப்படி ஒன்று இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. இதயத்தை இரண்டு பேருமாக அழித்தோம். அது சரியாகப் போகாமல் பூசணிக்காய் மாதிரி ஆனது. சிரிப்பு வந்துவிட்டது.

அவர் வந்து பார்த்தார். "இம்புட்டும் போயிருச்சா" என்றார்.

"இனி எழுத என்னடா கெடக்கு?" என்றார் அக்கா.

"பேரு கெடக்குல்லக்கா." என் பக்கம் திரும்பினார். "உன் பேரு வாசல்ல வரலாமா?"

"எங்கப்பா இனிஷியலோட."

"சரி." மலரிடமும் அதையே கேட்டார். அம்மாவிடமும் கேட்டார். "எனக்கு இன்னா, எழுதுங்க" என்றாள் அம்மா. குரல் கொஞ்சம் லேசாகியிருந்தது.

காலையில் கதவைத் திறந்தபோது புகைக்குள் நாலு தாமரை தனித்தனியாக இருந்தது. ஒன்றையொன்று தொடும் கோடு கிடையாது. கீழே வெள்ளை மாவில் எழுத்து: 'மு. தேவிக்கும் மலருக்கும் பொங்கல் வாழ்த்துகள். கிட்ட நின்றாலும் எட்ட நின்றாலும் பங்கு உண்டு. செல்லப்பாண்டி, குமாரி.' 'மு.' என் அப்பாவின் இனிஷியல், குமாரி என் அம்மா.

எதிர்வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னாண்ணே, எங்களுக்குத் தலகீழா கீது?"

"உள்ள இருந்து வர்றவங்க படிக்கக்கா."

"அப்போ தெரு இன்னா பண்ணும்?"

"தெருவுக்குப் படிக்க வேற வாசல் இருக்குல்ல."

அம்மா என் அப்பா படத்துக்கு முன் ஒரு இலை போட்டிருந்தாள். முதல் கரண்டிப் பொங்கலை அதில் வைக்கச் சொன்னவர் செல்லப்பாண்டிதான். பால் பொங்கியபோது நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே நின்றேன், கூவவில்லை. யாரும் என்னை இழுக்கவில்லை, தோளில் கைபோட்டுப் போட்டோ எடுக்கவில்லை. மலர்தான் ஒரு கரும்புத் துண்டைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

மாமா பைக் வந்தது. பையோடு ஏறினேன். வாசல் எழுத்தை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொன்னேன். தெருமுனையில், "சாயங்காலமே கொண்டாந்து வுட்டுடு மாமா" என்றேன்.

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. எங்கள் பக்கம் வாசலில் வாழ்த்து எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போனில் வருகிறது, எல்லோரும் கன்னத்தோடு கன்னம் வைத்த படமாக. நான் செல்லப்பாண்டியை இன்றுவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

என் மகளுக்கு மூணு வயது. போன பொங்கலுக்கு அவர் மடியில் தானாக ஏறி உட்கார்ந்து "தாத்தா" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கூப்பிடலாமா என்று கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன்.