பேக்கரிக் கண்ணாடியில் தெரிந்த எங்கள் ஊர்

போடியில் கடைவீதியை ஒட்டிய ஒரு மாடியறையில் இப்போது எனக்கு வேலை. கீழே ஏலக்காய்க் கடை. காலையில் மூட்டை பிரித்தால் வாசனை மாடிவரை வரும். குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட் ஸ்டோரில் பல வருடம் மூட்டைகளின் மேல் எழுத்துப் போட்டவன் நான். முழங்கால் மலையேற மறுத்ததும் கீழே இறங்கி, எழுத்தைப் படிக்கிற வேலைக்கு வந்துவிட்டேன்.

வேலையைச் சொன்னால் வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். தெருவில் எடுத்த புகைப்படங்கள் கணினியில் வரும். படத்தில் எங்கெல்லாம் எழுத்து இருக்கிறதோ அங்கெல்லாம், சொல்லுக்கு ஒரு பெட்டி வரைந்து, பெட்டிக்குள் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்யவேண்டும். இதை வைத்துத்தான் கணினிக்குத் தெருவைப் படிக்கக் கற்றுத்தருகிறார்களாம். பத்திரத்தையோ பாடப்புத்தகத்தையோ படிப்பதுபோல் இல்லை இது. அங்கே எழுத்து வரிசையாக, தட்டையாகப் படுத்திருக்கும். தெருவில் அது பனியன் மடிப்பில் பாதி ஒளிந்திருக்கும், பிஸ்கட் பாக்கெட்டோடு கசங்கிக் கிடக்கும், பெட்டிக்கடைச் சரத்தில் ஒரு ஷாம்பு பாக்கெட் இன்னொன்றை மறைத்துத் தொங்கும். பெட்டியையும் எழுத்தின் சாய்வுக்கேற்பச் சாய்க்கவேண்டும். மறைந்துபோன எழுத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. கண்ணில் படாததை எழுதக்கூடாது. விதி இவ்வளவுதான்.

இந்த விதியில்தான் எனக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் அம்மாள் தடுக்கி விழுந்தார். அவர் கடைவீதியில் பெயர்பெற்ற ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்து மருமகள். கணவர் காலமானபின் கொழுந்தன் நடத்தும் அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் பல வருடம் உட்கார்ந்திருந்தவர். யாராவது பெரியவர்கள் வந்தால் அந்த ஸ்டூலை அவர்களுக்கு விட்டுவிட்டு நிற்கவேண்டும். இங்கே வந்த முதல் நாள் தன் நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துவிட்டு, “இதுல இருந்து யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாகள்லண்ணே?” என்று கேட்டார். நான் சொல்லமாட்டார்கள் என்றேன்.

அவருடைய முதல் மாதிரித் தொகுப்பு தப்பென்று திரும்பி வந்துவிட்டது. எல்லாம் நம் ஊர்ப் படங்கள். ஜீப்பு மறைத்த கடைப்பெயரை முழுதாக எழுதியிருந்தார். மூட்டையின் அந்தப் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து எழுதியிருந்தார். வெளியூர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

எங்கள் மேற்பார்வையாளர் ராசிங்காபுரத்துப் பெண். வயதில் எங்களைவிடச் சிறியவர், கண்டிப்பில் பெரியவர். “அக்கா, ரெண்டாவது மாதிரியும் இப்படித் திரும்புச்சுன்னா தெருப்படத்துல உங்கள வச்சுக்க என்னால முடியாது. ஒரு படத்துல மனப்பாடம் தெரிஞ்சாலும் போச்சு” என்றார். எங்களிடம் இருப்பதோ தெருப்படம் மட்டும்தான். அதில் இடமில்லை என்றால் மறுபடி ஸ்டூல்தான்.

அதன்பின் அந்த அம்மாள் ஒவ்வொரு படத்தையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பார்த்தார். சட்டை முதுகில் எழுதியிருந்த வாசகத்தில் இடுப்புத் துண்டு மறைத்த எழுத்துக்குக் குறி போட்டார். கசங்கிய மிக்சர் பாக்கெட்டில் பளபளப்பு அடித்த இடத்தை விட்டுவிட்டார். கடைசியாக வந்தது பேக்கரிப் படம்.

தெருவில் நின்று பேக்கரியின் கண்ணாடி முகப்பை எடுத்திருந்தார்கள். கண்ணாடியில் ஒட்டிய ‘கேக்’, ‘பப்ஸ்’ நேராகத் தெரிந்தன. உள்ளே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளிலும் எழுத்து. இவற்றுக்கெல்லாம் மேலே, மங்கலாக, இடவலம் மாறி, எதிர்க்கடைப் போர்டின் பிம்பம் கண்ணாடியில் விழுந்திருந்தது. அதையும் படிக்க முடிந்தால் பெட்டி போட்டு, ‘இடவலம் மாறியது’ என்று குறிக்கவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருந்த இடத்தில் பிம்பத்தின் எழுத்து நன்றாகத் தெரிந்தது. டியூப்லைட் எரிந்த இடத்தில் வெளிறிப்போயிருந்தது.

“அண்ணே, இந்த எதிர்க்கடை எங்க கடை” என்றார் அந்த அம்மாள். குரலில் பயம்தான் இருந்தது.

எனக்கும் தெரிந்தது. தினமும் அதைத் தாண்டித்தானே வருகிறேன். போர்டின் அடிவரிசை: சேலை, லுங்கி, ரெடிமேட். சேலை, ரெடிமேட் இரண்டும் படத்தில் தெளிவு. நடுவில் இருந்ததுதான் வெளிறியது. அவர் விரல் லுங்கி என்று தட்டிவிட்டது.

“அது தெரியுதாம்மா?”

“தெரியலதான். ஆனா அது லுங்கிதான்ணே. அந்தப் போர்டு மாட்டுனப்ப ஏணியப் புடிச்சது நான்.”

நானும் லுங்கி என்றுதான் நினைத்தேன். ஆனால் பெட்டியைப் பார்த்தபோது உறுத்தியது. மூட்டையில் எழுத்துப் போட்ட பழக்கத்தில் சொல்லின் அகலம் முதலில் கண்ணில் படும். சேலைக்கு எடுத்துக்கொண்ட இடத்தோடு ஒப்பிட்டால், நடுவில் இருந்தது லுங்கிக்கு நீளம் அதிகம். அதைச் சொன்னேன்.

அவர் லுங்கியை அழித்தார். எங்கள் திரையில் படத்தைப் பெரிதாக்கலாம், புரட்டிப்போட வழியில்லை. பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துத் திரைக்கு எதிரே பிடித்து, அதற்குள் பார்த்தார்.

“அண்ணே, இது ‘சு’. அடுத்து ‘டி’. கடைசில புள்ளி வச்ச ‘ர்’ருண்ணே.”

நானும் பார்த்தேன். நடுவில் டியூப்லைட் வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்து மற்றதைத் தின்றிருந்தது.

“சுடிதாரா?” என்றார். “சுடிதார் எடுத்துப் போடுங்கன்னு கொழுந்தன்ட்ட எத்தன தீவாளிக்குக் கெஞ்சியிருப்பேன். லுங்கி வித்த கடையில அதெல்லாம் வேணாம்னாக.”

“ஒங்க கடைப் போர்டு மாறுனது ஒங்களுக்கே தெரியாதா?”

“வீடு கடைக்குப் பின்னாடிண்ணே. நான் சந்து வழியா வந்து சந்து வழியாப் போறவ. போர்ட அண்ணாந்து பாக்க எனக்கு என்ன சோலி? நீங்க தெனமும் முன்னாடிதான போறீக?”

தெரிந்த போர்டை யார் படிக்கிறார்கள்?

அவர் கைபேசியை எடுத்தார். பின்னாலிருந்து மேற்பார்வையாளரின் குரல் வந்தது. “அக்கா, போன்ல கேட்டு அடிச்சா அதுவும் மனப்பாடம்தான்.”

கைபேசி கீழே போயிற்று. வாசல்வரை வந்துவிட்ட ஒரு சொல்லை உள்ளே விடாமல் நிறுத்துவது லேசான காரியமில்லை. அது சுடிதார்தான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் ‘சுடி’ என்று அடித்தார். விரலைத் தூக்கினார். தெரியாத எழுத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு, ‘ர்’ அடித்து, இடவலம் மாறியது என்று குறித்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் அந்தப் பெட்டியைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், கைக்கண்ணாடியை வாங்கி அவரும் பார்த்தார். “சொந்தக் கடையவே குறி போட்டு விட்டுட்டீகளா? இனி ஒங்களுக்கு நான் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு, தேர்ச்சி என்பதை அழுத்தினார்.

பிறகுதான் கொழுந்தனுக்குப் போன். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

“போர்டுல சுடிதாருன்னு போட்டிருக்கீகளாம்?”

“யாரு சொன்னா?”

“பேக்கரிக் கண்ணாடி சொல்லுச்சு.”

அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தார். “சரக்கு வரட்டும், பெறகு சொல்லலாம்னு இருந்தேன். வந்து நின்னு எடுத்துக் குடுத்தீகன்னா நல்லாருக்கும்.”

“ஞாயித்துக்கெழம வர்றேன். நிக்க மாட்டேன். நாற்காலி போட்டு வைங்க.”

சாயங்காலம் அவர் சந்து வழியாகப் போகவில்லை. நானும் கூடவே கடைவீதியில் நடந்தேன். பேக்கரிக்கு முன்னால் நின்று முதலில் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு திரும்பி, தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்தார். டியூப்லைட் மறைத்த இடத்தில் ‘தா’ இருந்தது.

“எழுதியிருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும்ணே” என்றார்.

“திரும்பி வந்திருக்கும்” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே முன்வாசல் வழியாகவே ஜவுளிக்கடைக்குள் ஏறினார். நான் வீட்டுக்கு நடந்தேன், வழியில் இருந்த போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு. வெகுவாக மாறியிருக்கிறது எங்கள் ஊர்.